பிஎம்பி புதுப்பிப்பு: 60 பிடியு சேர்ப்பது, மூன்று வருடம் கணக்கு வைப்பது – மணலி, எண்ணூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணலியில் ஒரு ஒப்பந்த கம்பெனியில் பிளானிங் என்ஜினீயராக இருக்கிறேன், வீடு தண்டையார்பேட்டை. பிராஜெக்ட் மேலாண்மைக்குப் பிஎம்ஐ அமைப்பு தரும் பிஎம்பி சான்றிதழை வாங்கி சில சுற்று ஓடிவிட்டது, நடுவில் ஒருமுறை கோட்டையும் விட்டேன். டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

எக்ஸாம் பாஸ் பண்ணிட்டேன் அண்ணா. மூணு வருஷம் கழிச்சு திரும்ப எழுதணுமா?

வேண்டாம். பாஸ் ஆன நாளிலிருந்து மூன்று வருடம் உங்கள் சுற்று. அதற்குள் 60 பிடியு, அதாவது தொழில் வளர்ச்சிக்கான புள்ளி, சேர்த்து, பதிவு செய்து, புதுப்பிப்புக் கட்டணம் கட்டினால் அடுத்த மூன்று வருடம் கிடைத்துவிடும். ஒரு மணி நேரம் கற்றால் ஒரு பிடியு, கால் மணி நேரம் என்றால் 0.25. மூன்று வருடத்துக்கு 60 என்பது மாதத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்கூட வராது, கேட்கும்போது ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும். மாட்டிக்கொள்பவர்கள் யாரும் மணி நேரம் கிடைக்காமல் மாட்டுவதில்லை, அந்த 60 எந்தெந்தப் பெட்டியில் விழ வேண்டும் என்று பார்க்காததால்தான் மாட்டுகிறார்கள்.

எந்தப் பெட்டி? 60 மணி நேரம் எதைப் படிச்சாலும் ஓகே இல்லையா?

இல்லை. முதலில் இரண்டாகப் பிரியும். நீங்கள் கற்றுக்கொள்வது ஒன்று, திரையில் `Education` என்று இருக்கும். நீங்கள் தொழிலுக்குத் திருப்பிக் கொடுப்பது இன்னொன்று, அது `Giving Back`. கற்றது குறைந்தது 35 இருக்க வேண்டும். திருப்பிக் கொடுத்தது அதிகபட்சம் 25 வரைதான் கணக்கில் வரும். 60-ஐயும் கற்றே சேர்த்தாலும் தடையில்லை, ஆனால் திருப்பிக் கொடுத்தே 60 சேர்க்க முடியாது.

கற்ற 35-க்குள்ளேயே ஒரு முக்கோணம் இருக்கிறது. `Ways of Working` என்பது வேலை செய்யும் முறை, அதாவது அட்டவணை, ரிஸ்க், செலவுக் கட்டுப்பாடு, அஜைல் மாதிரி விஷயங்கள். `Power Skills` என்பது மனிதர்களோடு வேலை செய்வது: பேரம், சண்டை தீர்ப்பது, குழுவை நடத்துவது, பேச்சு. `Business Acumen` என்பது வியாபார அறிவு: ஒப்பந்தம், சட்டம், சந்தை, கம்பெனியின் திட்டம். மூன்றிலும் தலா 8 கட்டாயம். அது 24 ஆயிற்று, மீதி 11-ஐ மூன்றில் எதில் வேண்டுமானாலும் போடலாம்.

பழைய ஆட்கள் டெக்னிக்கல், லீடர்ஷிப், ஸ்ட்ராடஜிக் என்று சொல்லுவார்கள். அதே மூன்று பக்கங்கள்தான், 2022-இல் பெயர் மாறியது.

எங்கிட்ட 65 இருக்கு, அப்புறம் ஏன் புதுப்பிக்க விடமாட்டேங்குது?

ராயபுரத்திலிருந்து ஒரு நண்பர் 2025 மார்ச்சில் இதே கேள்வியோடு வந்தார். அவருடைய சுற்று 2022 ஜூன் 14-இல் ஆரம்பித்து 2025 ஜூன் 13-இல் முடிகிறது. கையில் ஒரு நோட்டு, அதில் தேதி வாரியாக எல்லாம் எழுதி வைத்திருந்தார், அந்த மட்டில் நல்ல மனிதர். நோட்டைப் பெட்டி வாரியாகப் பிரித்துப் பார்த்தோம்.

பிரிமாவெரா என்ற அட்டவணை மென்பொருள் வகுப்பு 24 மணி நேரம், ரிஸ்க் பற்றியும் அஜைல் பற்றியும் வெபினார் 9 மணி நேரம். இந்த 33-ம் வேலை செய்யும் முறை. சச்சரவு தீர்ப்பது பற்றி ஒரு சின்ன ஆன்லைன் வகுப்பு 4 மணி நேரம், அது மனிதர் பக்கம். வியாபாரம் பக்கம் சைபர். திருப்பிக் கொடுத்ததில், பிராஜெக்ட் வேலையில் இருப்பதற்காக 8, ஜூனியர் பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது 20.

கூட்டினால் 65 வருகிறது, அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் திருப்பிக் கொடுத்தது 28, வரம்பு 25, அதனால் 3 அப்போதே போயிற்று. மிச்சம் 62. கற்றது 37, அதுவும் 35-ஐத் தாண்டிவிட்டது. மொத்தம் சரி, கற்றதும் சரி, ஆனால் மனிதர் பக்கம் 4 குறைகிறது, வியாபாரம் பக்கம் முழு 8-ம் குறைகிறது. ஆக 62 இருந்தும் இன்னும் 12 மணி நேரம் கற்க வேண்டும், அதுவும் குறிப்பிட்ட இரண்டு பெட்டிகளில் மட்டும். அவர் ஏற்கெனவே 33 வைத்திருக்கும் பெட்டியில் இன்னொரு 12 போட்டாலும் பிரயோஜனமில்லை.

மூன்று மாதம் இருந்ததால் தப்பித்தார். ஃபிடிக் ஒப்பந்த விதிகள் பற்றி ஒரு நாள் பயிலரங்கு: காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்து வரை ஏழரை மணி நேரம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமும் இரண்டு டீக்கு அரை மணி நேரமும் கழித்தால் 6. ஒப்பந்த உரிமைக்கோரிக்கை பற்றி ஒரு புத்தகத்தில் 2 மணி நேரம் படித்தார். வியாபாரம் 8 ஆயிற்று. பேரம் பேசுவது பற்றி 4 மணி நேர ஆன்லைன் வகுப்பு, மனிதர் பக்கமும் 8 ஆயிற்று. மே மாதமே வேலை முடிந்தது.

இந்த டீ நேரத்தைக் கழிக்கும் விஷயத்தைச் சிலர் சிரிக்கிறார்கள். சான்றிதழில் 6 மணி நேரம் என்று அச்சடித்திருக்க நீங்கள் 7.5 என்று போட்டால், தணிக்கைக்கு எடுக்கும்போது அந்த ஒன்றரை மணி நேரம் உங்கள் நேர்மையைத்தான் கேள்வி கேட்கும்.

சைட்ல இருக்கிற ஆளுக்கு வியாபாரம் பக்கம் 8 எங்க சார் கிடைக்கும்?

நம் ஊரில் எல்லோருக்கும் ஓட்டை விழுவது இந்தப் பெட்டியில்தான். நாம் படிக்கும் வகுப்பெல்லாம் மென்பொருள், அட்டவணை என்றே இருக்கும், கம்பெனியும் அதற்குத்தான் அனுப்பும். ஆனால் வியாபார அறிவு என்றதும் எம்பிஏ வகுப்பைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒப்பந்தச் சட்டம், தாமத உரிமைக்கோரிக்கை, மத்தியஸ்தம், ஜிஎஸ்டி பிராஜெக்ட் செலவை எப்படி மாற்றுகிறது, சுற்றுச்சூழல் அனுமதியின் விதிகள், சுத்திகரிப்புத் தொழில் எந்தத் திசையில் போகிறது, இவை எல்லாம் இங்கே வரும். பிராஜெக்டின் உள்ளே என்ன நடக்கிறது என்பதல்ல, பிராஜெக்டுக்கு வெளியிலிருந்து அதை எது தள்ளுகிறது என்பதுதான் இந்தப் பக்கம் என்று நான் புரிந்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, ஒரே வகுப்பை மூன்று பக்கங்களுக்கும் பிரித்துப் போடலாம். இரண்டு நாள் கொள்முதல் வகுப்பு 12 மணி நேரம் என்று வையுங்கள். டெண்டர் நடைமுறை 5, பேரம் 3, ஒப்பந்தச் சட்டம் 4 என்று பாடத்திட்டத்தில் இருந்தால் அப்படியே 5, 3, 4 என்று மூன்று பெட்டியிலும் போடுங்கள். பாடத்திட்டத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், பிரித்ததற்கு அதுதான் ஆதாரம். பாடத்திட்டத்தில் இல்லாததை நம் வசதிக்குப் பிரிக்கக் கூடாது.

எக்ஸாமுக்கு முன்னாடி 35 மணி நேரம் கோர்ஸ் பண்ணேனே, அதைக் காட்டலாமா?

முடியாது. அது தேர்வு எழுதத் தகுதி வாங்கியது. பிஎம்பி கைக்கு வந்த பிறகு செய்ததுதான் பிடியு. இரண்டிலும் 35 என்ற எண் வருவதால் நிறைய பேர் குழம்புகிறார்கள்.

தினமும் டூல்பாக்ஸ் டாக் எடுக்கறேன், கேட் பாஸுக்கு சேஃப்டி டிரெயினிங்கும் போனேன். இதெல்லாம் சேருமா?

நான் போட மாட்டேன். உங்கள் சான்றிதழ் பிராஜெக்ட் மேலாண்மைக்கு, கற்றது அதோடு சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். ஹெல்மெட் மாட்டு, ஹார்னஸ் கட்டு என்று காலை ஏழு மணிக்குச் சொல்வது உயிர் காக்கும் வேலைதான், ஆனால் அது நம் அன்றாட வேலை.

அன்றாட வேலைக்கென்று ஒரே ஒரு இடம் விட்டிருக்கிறார்கள், `Work as a Practitioner`. பிராஜெக்ட் வேலையில் இருப்பதற்கே 8 பிடியு வரை போடலாம். வருடத்துக்கு 8 அல்ல, மூன்று வருடச் சுற்று முழுவதற்கும் 8. ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் சமயம் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் ஒரு மாதம் நின்றாலும் அதே 8 தான். அதுவும் தனி 8 இல்லை, அந்த 25-க்குள் அடக்கம்.

ஜூனியர்களுக்கு மென்டராக இருப்பது `Share Knowledge`. வெளியே ஒரு கூட்டத்தில் போய்ப் பேசினால் `Give a Presentation`. பேசின நேரத்தோடு தயாரித்த நேரத்தையும் நேர்மையாகச் சேர்த்துக்கொள்ளலாம். 8 போக மிச்சம் 17-க்கு மேல் போனால் அது உங்கள் ஆத்ம திருப்திக்கு மட்டும்.

ஃப்ரீயா எவ்வளவு சேர்க்க முடியும்? கம்பெனி காசு தராது.

மொத்த 60-ஐயும் வகுப்புக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். வேலைக்கு 8, சொல்லிக்கொடுத்ததற்கு 17, மிச்சம் 35-ம் படித்தும் வெபினார் பார்த்தும். புத்தகம் படித்தால் `Read`, வெபினாரோ பாட்காஸ்டோ என்றால் டிஜிட்டல் மீடியா. பிஎம்ஐ உறுப்பினராக இருந்தால் ProjectManagement.com தளத்தில் பதிவுசெய்த வெபினார்கள் நிறைய உண்டு. அதே பிஎம்ஐ லாகினில் நுழைந்து முழுதாகப் பார்த்தால் பிடியு தானாகவே பதிவாகிவிடும், சில நாள் தள்ளி வரும். வரவில்லையே என்று அவசரப்பட்டு நீங்களும் கையால் ஒருமுறை போட்டால் ஒரே வெபினார் இரண்டு முறை நிற்கும். ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

நான் பாதி வெபினாரை மெட்ரோவில் கேட்டேன். தண்டையார்பேட்டையில் பூமிக்கு அடியில் ஏறி, வண்டி மேலே வந்து விம்கோ நகர் போய்ச் சேர்வதற்குள் ஒரு முழு வெபினார் முடியாது, திரும்பும்போது மீதி. முன்பு எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் பஸ்ஸில் நின்ற நாட்களில் ஒரே பயணத்தில் ஒன்றரை பிடியு வந்திருக்கும், அதற்காக அந்தக் காலம் திரும்ப வேண்டாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: நேரலைக்குப் பதிவு செய்துவிட்டுப் பாதியில் எழுந்து போனால் தானாகப் பதிவாகும் என்று நம்பாதீர்கள்.

மூணு வருஷ கணக்கை எப்படி வெச்சிருக்கீங்க? நோட்டா, எக்செல்லா?

எக்செல். நோட்டு தேதிவாரியாக ஓடும், பெட்டிவாரியாகக் கூட்டாது, ராயபுரம் நண்பரின் கதை அதுதான். ஒரு சுற்றுக்கு ஒரே தாள். மேலே சுற்றின் ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி. A பத்தியில் தேதி, B-யில் என்ன செய்தேன், C-யில் பெட்டி, D-யில் மணி நேரம், E-யில் ஆதாரக் கோப்பின் பெயர், F-இல் பிஎம்ஐ தளத்தில் ஏற்றிய தேதி. பெட்டிக்கு நான்கே குறிகள்: WW, PS, BA, திருப்பிக் கொடுத்தது எல்லாம் GB. பிரிந்த வகுப்பு என்றால் மூன்று வரியாக எழுதுவேன். தள்ளி H பத்தியில் இந்த நான்கு கூட்டல்:

```
=SUMIFS(D:D,C:C,"BA")
=SUMIFS(D:D,C:C,"<>GB")
=MIN(25,SUMIFS(D:D,C:C,"GB"))
=SUMIFS(D:D,F:F,"")
```

முதல் வரி வியாபாரம் பக்கம், அதையே WW, PS போட்டு இன்னும் இரண்டு எழுதிக்கொள்ளுங்கள், மூன்றும் 8-ஐத் தொட வேண்டும். இரண்டாவது கற்ற மொத்தம், 35-ஐத் தொட வேண்டும். மூன்றாவது 25-க்கு மேல் ஏறவே ஏறாது, அதனால் பொய்யான சந்தோஷம் வராது. இரண்டையும் மூன்றையும் கூட்டினால்தான் உங்கள் உண்மையான எண். நான்காவது, செய்து முடித்தும் தளத்தில் ஏற்றாமல் கிடக்கும் நேரம். எனக்கு இதுதான் அதிகம் உதவியது, ஏனென்றால் தாளில் எத்தனை இருந்தாலும் பிஎம்ஐ பார்ப்பது தளத்தில் இருப்பதை மட்டும்தான்.

கோப்புப் பெயரிலேயே தேதி, பெட்டி, நேரம் மூன்றும் வைத்துவிடுவேன், `2024-08-17_BA_6h_contract.pdf` என்கிற மாதிரி. மூன்று வருடம் கழித்துத் தேடும்போது `IMG_4471.jpg` என்ன என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

எப்போது எவ்வளவு என்பதற்கு என் கணக்கு இது. முதல் வருடத்தில் மூன்று பக்கத்திலும் 8-ஐ முடித்துவிடுவேன். அதன் பிறகு எது கிடைத்தாலும் எங்கே போட்டாலும் நஷ்டமில்லை. வருடத்துக்கு 20 என்று சமமாகப் பிரிக்கச் சொல்பவர்கள் உண்டு, ஆனால் ஷட்டவுன் வருடத்தில் நமக்கு இரண்டு மூன்று மாதம் தூங்கவே நேரம் இருக்காது, சமமாகப் பிரிப்பது ஏசி ரூமில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் சரி.

தளத்தில் ஏத்துறது எப்படி?

ccrs.pmi.org போய் லாகின் செய்து `Report PDUs` அழுத்தினால் வகைகள் வரும். வகுப்பு என்றால் நடத்தியவர் பெயர், தலைப்பு, தேதி, முக்கோணத்தில் எந்தப் பக்கம் எத்தனை மணி நேரம் என்று கேட்கும். பிஎம்ஐ அங்கீகரித்த பயிற்சி நிறுவனம் என்றால் சான்றிதழிலேயே ஒரு எண் தருவார்கள், அதைப் போட்டால் மீதி விவரம் தானாக நிரம்பும், சில நிறுவனங்கள் அவர்களே ஏற்றிவிடுவதும் உண்டு. ஐந்து நிமிட வேலை. முப்பதை ஒரே ராத்திரியில் ஏற்ற உட்கார்ந்தால்தான் அது கொடுமை, வகுப்பு நடத்தியவர் பெயர்கூட மறந்திருக்கும்.

ஆடிட் வருமாமே? எதை எல்லாம் கேட்பாங்க?

குலுக்கல் மாதிரி சிலரை எடுப்பார்கள், தப்பு செய்தவர்களை மட்டும் என்று இல்லை. வகுப்புக்குச் சான்றிதழ் அல்லது பதிவு ரசீது. புத்தகத்துக்கும் வீடியோவுக்கும் என்றைக்குப் படித்தேன், என்ன கற்றேன் என்று தேதியிட்ட குறிப்பு. சொல்லிக்கொடுத்ததற்குத் தேதி, யாருக்கு, என்ன என்ற விவரம். வேலைக்கு, பதவியும் காலமும் காட்டும் கம்பெனிக் கடிதம். சுற்று முடிந்த பிறகும் 18 மாதம் இவற்றை வைத்திருக்க வேண்டும், புதுப்பித்தாகிவிட்டது என்று அன்றைக்கே அழித்துவிடாதீர்கள்.

படித்ததற்கான குறிப்புதான் எல்லோரிடமும் இருக்காது. பத்து வரி போதும். எக்செலிலேயே இன்னொரு பத்தி வைத்து, படித்த அன்றே எழுதுங்கள். பின்னால் உட்கார்ந்து எழுதினால் எல்லாக் குறிப்பும் ஒரே மாதிரி இருக்கும், படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

காகிதமாக வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் வியாசர்பாடியில் இருக்கும் என் மச்சான் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. கட்டிலுக்கு அடியில் இரும்புப் பெட்டி, அதில் ஃபைல், ஃபைலில் மூன்று வருடச் சான்றிதழ்கள். காய வைத்துப் பிரித்தபோது மை எல்லாம் ஒன்றாகக் கரைந்திருந்தது. இரண்டு இடத்திலிருந்து நகல் வாங்க முடிந்தது, ஒன்று இழுத்து மூடியே போயிருந்தது. வாங்கின அன்றே போனில் படம் எடுத்து டிரைவில் போட்டுவிடுங்கள்.

தேதி தாண்டிடுச்சு. அவ்வளவுதானா, திரும்ப எக்ஸாமா?

உடனே இல்லை. ஒரு வருடம் நிறுத்திவைப்பு நிலை உண்டு. அந்த ஒரு வருடத்துக்குள் குறைந்த பிடியுவைச் சேர்த்துக் கட்டணமும் கட்டினால் திரும்ப வந்துவிடும். அதையும் தாண்டினால் சான்றிதழ் காலாவதி, விண்ணப்பத்திலிருந்து ஆரம்பித்துத் திரும்பத் தேர்வுதான்.

எனக்கு இது நடந்தது. பிஎம்ஐ கணக்கை அப்போதிருந்த கம்பெனி ஈமெயிலில் திறந்திருந்தேன். நம் தொழிலில் பிராஜெக்ட் முடிந்தால் கம்பெனி மாறுவது சாதாரணம், நானும் மாறினேன். நினைவூட்டல் எல்லாம் யாரும் திறக்காத பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. 2019 ஆகஸ்டில் சுற்று முடிந்தது எனக்கே தெரியாது. நவம்பரில் ஒரு டெண்டருக்கு முக்கிய ஆட்களின் விவரம் அனுப்பினார்கள், என் பெயருக்குப் பக்கத்தில் பிஎம்பி. எதிர்த்தரப்பு பிஎம்ஐயின் ஆன்லைன் பதிவேட்டில் தேடியிருக்கிறார்கள், செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லை. என் மேலாளர் போனில் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. நிறுத்திவைப்பில் இருக்கும்போது பெயருக்குப் பின்னால் பிஎம்பி போடக் கூடாது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நல்ல வேளையாக 50-க்கு மேல் ஏற்றி வைத்திருந்தேன், மூன்று வாரத்தில் மிச்சத்தை முடித்துக் கட்டிவிட்டேன். ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: நான் நவம்பர் கடைசியில் புதுப்பித்தாலும் அடுத்த சுற்று நவம்பரிலிருந்து ஓடவில்லை. பழைய தேதியிலிருந்தே ஓடி 2022 ஆகஸ்டில் முடிந்தது. தாமதித்த மூன்று மாதமும் அடுத்த சுற்றில் கடித்துக்கொண்டு போயிற்று. பதினொன்றாவது மாதம் வரை இழுப்பவருக்குக் கையில் மிஞ்சுவது இரண்டு வருடச் சொச்சம்தான், வேண்டியதோ அதே 60.

இப்போது சொந்த ஜிமெயில். முடிவுத் தேதிக்கு ஒரு வருடம், ஆறு மாதம், இரண்டு மாதம் முன்னால் போனில் அலாரம், வீட்டுக்காரம்மா போனிலும் ஒன்று.

60-க்கு மேல செஞ்சது வீணா?

சுற்றின் கடைசி 12 மாதத்தில் செய்ததில் கூடுதலாக இருப்பது அடுத்த சுற்றுக்குப் போகும், அதிகபட்சம் 20. முதல் இரண்டு வருடத்தில் கூடுதலாகச் செய்தது போகாது. ராயபுரம் நண்பருக்குக் கடைசியில் கற்றது 49, கொடுத்தது 25, மொத்தம் 74 ஆயிற்று. கூடுதல் 14. அதில் பயிலரங்கும் புத்தகமும் பேர வகுப்பும் சேர்ந்த 12, கடைசி வருடத்தில் செய்தது என்பதால் அடுத்த சுற்றுக்குத் தகுதி. அவர் கடைசி நிமிடத்தில் ஓடியதற்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

60 ஏத்தியாச்சு, அப்ரூவ்டும் ஆயிடுச்சு. ஆனா புதுத் தேதி வரலையே?

கட்டணம் கட்டவில்லை, வேறொன்றுமில்லை. 60 நிறைந்ததும் தானாகப் புதுப்பிக்காது. புதுப்பிக்கலாம் என்று மெயில் வரும், தளத்தில் போய் நன்னடத்தை விதிகளை ஏற்று, பணம் கட்ட வேண்டும். உறுப்பினருக்கு 60 டாலர், இல்லாதவர்களுக்கு 150 டாலர். உறுப்பினர் கட்டணம் வருடா வருடம் தனி. இந்த 90 டாலர் வித்தியாசத்துக்காக மட்டும் மூன்று வருடமும் உறுப்பினராக இருப்பது லாபமில்லை, வெபினார் பார்க்கப்போகிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு.

முன்கூட்டியே கட்டினால் நாள் குறையுமோ என்று பயப்பட வேண்டாம், அடுத்த சுற்று பழைய முடிவுத் தேதிக்கு அடுத்துத்தான் ஆரம்பிக்கும். அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அடைத்து வைத்திருக்கும், 2020-க்குப் பிறகு வந்த அட்டைகள் அப்படித்தான் கைக்கு வருகின்றன. பேங்க் ஆப்பில் போய் அதைத் திறந்துவிட்டுக் கட்டுங்கள், கட்டியதும் மூடிவிடுங்கள். கடைசி நாள் ராத்திரி பதினொன்றரைக்கு அட்டை மறுக்கப்பட்டு எனக்கு போன் செய்தவர்கள் இதுவரை மூன்று பேர்.

நான் பிஎம்ஐ-எஸ்பியும் வெச்சிருக்கேன். அதுக்குத் தனியா 30 சேர்க்கணுமா?

தனித்தனியாகக் கற்க வேண்டாம். ஒரு வகுப்பு இரண்டுக்கும் பொருந்தினால் ஒரே பதிவு இரண்டிலும் சேரும், பதிவுப் பக்கத்தில் உங்கள் சான்றிதழ்கள் எல்லாம் காட்டும். எஸ்பி அட்டவணைக்கான சான்றிதழ், அதனால் அட்டவணை வகுப்பு இரண்டுக்கும் நன்றாகப் பொருந்தும். ஆனால் இரண்டும் வெவ்வேறு நாளில் பாஸ் ஆனவை, சுற்றும் வெவ்வேறு நாளில் முடியும். பிஎம்பி பாஸ் ஆவதற்கு முந்தின வாரம் செய்த வகுப்பு எஸ்பிக்கு மட்டும்தான் சேரும். எக்செலில் ஒரே தாளில் இரண்டையும் திணிக்காமல் ஆளுக்கொரு தாள் வையுங்கள், பொதுவான வரிகளை இரண்டிலும் எழுதிக்கொள்ளுங்கள்.